தோற்ற பிறகும் அஞ்சவைக்கும் வில்லன்

நெடுந்தொடர்களில் ஒரே வில்லன் சீசன் சீசனாக வருகிறான், பலமுறை தோற்கவும் செய்கிறான். ஆனாலும் சில வில்லன்கள் மீது மட்டும் பயம் குறைவதே இல்லை. அது எப்படி?

பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்கத் தொடரில் வரும் போதைமருந்து வியாபாரி கஸ் ஃப்ரிங்கை வைத்தே இதற்குப் பதில் எழுதுகிறேன். கதையின் முக்கியத் திருப்பங்கள் பலவும் இதில் வெளிப்பட்டுவிடும் என்பதால், தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்து முடித்த பிறகு இதைப் படிப்பது நல்லது.

கஸ் அறிமுகமாவது 2009-இல் வெளிவந்த இரண்டாவது சீசனில். சாவது 2011-இல், நான்காவது சீசனின் கடைசி எபிசோடில். இடைப்பட்ட காலத்தில் அவன் பெற்ற வெற்றிகளையும் தோல்விகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், தோல்விகள் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கும். அந்தத் தொடரிலேயே அவன் மிகவும் அச்சமூட்டும் காட்சி, அவன் பெரிய தோல்வி ஒன்றைச் சந்தித்த மறுகணத்தில் அமைந்திருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது சீசனின் முடிவில் கஸ், தனக்காகப் போதைமருந்து காய்ச்சும் கதாநாயகன் வால்ட்டரைக் கொன்றுவிடத் தீர்மானிக்கிறான். வால்ட்டருக்குப் பதிலாக மருந்து காய்ச்சக்கூடிய ஒரே வேதியியலாளன் கேல். அதைப் புரிந்துகொண்ட வால்ட்டர், கேலைச் சுட்டுவிடும்படி தன் கூட்டாளி ஜெஸ்ஸியிடம் தொலைபேசியில் சொல்ல, கேல் செத்துப்போகிறான். இனி வால்ட்டரைக் கொன்றால் கஸ்ஸின் தொழிலே நின்றுவிடும். சதுரங்க மொழியில் சொன்னால் கஸ் அந்த ஆட்டத்தைத் தோற்றுவிட்டான். வேறொரு தொடராக இருந்தால் இந்த இடத்தில் வில்லன் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்னை விடமாட்டேன்" என்று வசனம் பேசிவிட்டுப் போயிருப்பான்.

நான்காவது சீசனின் முதல் எபிசோடில் கஸ் ஆய்வுக்கூடத்துக்குள் இறங்கி வருகிறான். ஒரு வார்த்தை பேசாமல் கோட்டைக் கழற்றி மாட்டுகிறான், பாதுகாப்பு உடையை நிதானமாக அணிகிறான். வால்ட்டரோ நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறான்: தான் இல்லாமல் உற்பத்தி நடக்காது, கேலின் சாவுக்குக் காரணம் கஸ்தான், தன்னைக் கொல்வது முட்டாள்தனம் என்று வாதம் மேல் வாதமாக அடுக்குகிறான். அவன் சொல்வதில் பெரும்பகுதி உண்மையும்கூட. கஸ் அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியை எடுத்து, தன் சொந்த ஆளான விக்டரின் கழுத்தை அறுக்கிறான். அறுக்கும்போது அவன் பார்வை விக்டர் மீது இல்லை, வால்ட்டர் மீதும் ஜெஸ்ஸி மீதும் இருக்கிறது. பிறகு உடையைக் கழற்றி, கழுவிக்கொண்டு, பழைய உடைக்கு மாறி, படியேறும்போதுதான் வாயைத் திறக்கிறான். போய் வேலையைப் பாருங்கள் என்ற பொருளில் ஒரே ஒரு சிறு வாக்கியம், அவ்வளவுதான்.

இந்தக் காட்சியில் நடந்ததைக் கணக்குப் பார்த்தால், கஸ் எதையும் திரும்பப் பெறவில்லை. கேல் திரும்பி வரவில்லை. வால்ட்டர் உயிரோடுதான் இருக்கிறான். போதாக்குறைக்கு, நம்பகமான ஆள் ஒருவனையும் கஸ் இழந்திருக்கிறான். கேலின் வீட்டருகே விக்டரைச் சிலர் பார்த்துவிட்டதால், அவனைத் தீர்த்துக்கட்டக் கஸ்ஸுக்குத் தன்னளவில் ஒரு காரணமும் இருந்தது. ஆனால் காட்சி முடிகிறபோது, "என்னைக் கொல்ல உன்னால் முடியாது" என்று வால்ட்டர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பாதுகாப்பின் பொருளே மாறிவிடுகிறது. விசுவாசமாக இருந்தவனையே இப்படி அறுக்கக்கூடியவன், தேவை முடிந்த அன்று என்ன செய்வான் என்ற கேள்வி, வால்ட்டர் மனத்திலும் நம் மனத்திலும் ஒரே நேரத்தில் எழுகிறது. வில்லன் தோற்ற பிறகு பார்வையாளர் அவனைப் பற்றி முன்பு தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், அது அவரது நிம்மதியைக் குறைப்பதாகவும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்தின் சாரம்.

அதோடு, தோல்வி கஸ்ஸை அடுத்த வழிக்குத் திருப்புகிறது என்பதும் முக்கியம். வால்ட்டரைக் கொல்ல முடியாது என்று ஆன பின் அவன் மீண்டும் கொலை முயற்சியில் இறங்குவதில்லை. வால்ட்டரைத் தேவையற்றவனாக ஆக்கும் வேலையைத் தொடங்குகிறான். கஸ்ஸின் ஆளான மைக், ஜெஸ்ஸியைப் பணம் வசூலிக்க வண்டியில் அழைத்துப் போகிறான். வழியில் ஒரு கொள்ளை முயற்சி நடக்கிறது. ஜெஸ்ஸி துணிச்சலாக வண்டியை ஓட்டித் தப்பிக்கிறான். அந்தக் கொள்ளையே கஸ் திட்டமிட்டு நடத்திய நாடகம். தன்னை யாரும் மதிப்பதில்லை என்று உள்ளுக்குள் நொறுங்கிக் கிடந்த இளைஞனுக்குத் தான் வேண்டப்பட்டவன் என்ற உணர்வைக் கொடுத்து, அவனை வால்ட்டரிடமிருந்து மெல்ல மெல்லப் பிரிக்கிறான். இந்த எபிசோடுகளில்தான் எனக்குப் பதற்றம் அதிகமாக இருந்தது. கதாநாயகன் நின்றுகொண்டிருக்கும் நிலம் ஒவ்வோர் அங்குலமாகச் சுருங்குவதை நாம் பார்க்கிறோம், அவனோ மிகத் தாமதமாகத்தான் உணர்கிறான்.

இதே சீசனில் கஸ் வெளிப்படையாகவே பணிந்துபோகும் இடமும் உண்டு. போதைமருந்துக் கும்பல் அவன் ஆட்களைச் சுட்டுத் தள்ளியதும், தொலைபேசியில் அவர்கள் கோரிக்கைக்குச் சம்மதம் சொல்லிவிடுகிறான். ஆனால் அந்தச் சம்மதமே அவனைக் கும்பல் தலைவனின் வீட்டுக்குள் அழைத்துச் செல்லும் நுழைவுச்சீட்டாகிறது. அங்கே நஞ்சு கலந்த மதுவை, மற்றவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத் தானும் குடிக்கிறான். பிறகு குளியலறைக்குப் போய், துண்டை மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் முழந்தாளிட்டு, ஒழுங்காக வாந்தி எடுக்கிறான். சாவுக்கும் உயிருக்கும் நடுவில் இருக்கும்போதும் துண்டை மடிக்கிற மனிதன் என்ற அந்தச் சிறு விவரம், பத்துக் கொலைகளைக் காட்டினாலும் வராத அச்சத்தைக் கொண்டுவருகிறது.

இதற்கு நேர்மாறாக, அச்சம் எப்படித் தேய்கிறது என்பதற்கு ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரில், பிற இனங்களைப் பிடித்துத் தம்முள் கரைத்துக்கொள்ளும் போர்க் இனத்தைச் சொல்ல வேண்டும். 1989-இல் முதன்முறை அவர்கள் வந்தபோது, கதாநாயகர்களின் கப்பல் தப்பித்ததே வேறொருவரின் தயவால்தான். 1990-இல் திரும்பி வந்தபோது கப்பல் தலைவரையே தம்முள் ஒருவராக்கிக்கொண்டு, எதிர்த்து நின்ற 40 கப்பல்களில் 39-ஐ ஒரே போரில் அழித்தார்கள். இறுதியில் அவர்கள் தோற்றார்கள்தான். ஆனால் பிடிபட்டு மீண்ட தலைவர் அந்த வடுவைப் பிற்காலக் கதைகளிலும் சுமந்தார். பின்னர் வந்த வாயேஜர் தொடரிலோ, துணைக்கு யாருமற்ற ஒற்றைக் கப்பல் திரும்பத் திரும்ப அவர்களைச் சந்தித்துத் தப்பிக்கிறது. 1999-இல் ஒளிபரப்பான ஒரு கதையில் அவர்களிடமே கொள்ளையடிக்கத் திட்டம் போட்டுப் போகிறது. தனித்தனியே பார்த்தால் அவற்றில் நல்ல எபிசோடுகள் பல உண்டு. ஆனால் 39 கப்பல்களை விழுங்கிய ஓர் இனத்திடமிருந்து ஒரே கப்பல் பலமுறை மீண்டு வந்தால், அவர்களை எதிர்த்து யாராலும் தப்ப முடியாது என்று முதலில் உணர்த்தப்பட்ட விதி மெல்ல மெல்லப் பொய்யாகிவிடுகிறது. போர்க் இனம் தோற்றதைக் காட்டிலும், அந்தத் தோல்விகளுக்குக் கதாநாயகர்கள் கொடுத்த விலை வரவரக் குறைந்துகொண்டே போனதுதான் சிக்கல் என்று நான் நினைக்கிறேன்.

இதை நான் என் வேலையிலும் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெடுந்தொடரின் எழுத்துக் குழுவில் இருந்தேன். எங்கள் வில்லி சொத்துப் பத்திரத்தைத் திருடுவாள், கதாநாயகி மீட்பாள். ஆள் வைத்துக் கடத்துவாள், கதாநாயகி தப்பிப்பாள். நூறாவது எபிசோடைத் தாண்டியபோது வில்லி வரும் காட்சியில் பின்னணி இசையை எவ்வளவு கூட்டியும் பயனில்லை. ஒருநாள் மூத்த எழுத்தாளர் ஒருவர், எங்கள் பலகையில் ஒவ்வொரு மோதலுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதச் சொன்னார்: "நேற்று வரை கதாநாயகியால் முடிந்த எது, இன்று முதல் முடியாது?" பதினொரு மோதல்களில் எட்டுக்கு எங்களிடம் பதில் இல்லை. பத்திரம் மீட்கப்பட்டதும் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது.

அதன் பிறகு ஒரு மோதலை மட்டும் திருத்தி எழுதினோம். வில்லி பொய்ச்சாட்சி தயார் செய்து நீதிமன்றத்தில் தோற்பாள் என்பது பழைய திட்டம். வழக்கில் அவள் தோற்பதை அப்படியே வைத்துக்கொண்டோம். ஆனால் வெல்வதற்காகக் கதாநாயகி தன் அண்ணனின் பழைய தவறு ஒன்றைச் சாட்சிக்கூண்டில் ஒப்புக்கொள்ள வேண்டியதாக மாற்றினோம். தீர்ப்பு வந்த அன்றே அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். வில்லி ஒரு வார்த்தைகூட மிரட்டவில்லை, நீதிமன்ற வாசலில் கதாநாயகியைப் பார்த்து, "அண்ணன் வரவில்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறாள். அந்தக் காட்சியை வாசித்து முடித்தபோது, பல மாதங்களில் முதன்முறையாக எங்கள் அறையில் யாரும் பேசவில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கதாநாயகன் இழந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் இழக்க எதுவும் மிஞ்சாது, பார்வையாளரும் மரத்துப்போவார்கள். அதனால் வில்லனுக்கு ஒரு முடிவைத் தீர்மானித்தே ஆக வேண்டும், அந்த முடிவு அவன் திடீரென்று முட்டாளானதால் வந்ததாக இருக்கக்கூடாது. கஸ்ஸின் முடிவை இந்த நோக்கில் பாருங்கள். அவன் காருக்கு அடியில் வால்ட்டர் குண்டு வைத்துவிட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, கஸ் பாதி வழியில் நிற்கிறான், சுற்றிலும் பார்க்கிறான், ஏதோ சரியில்லை என்ற உணர்வு ஒன்றை மட்டுமே நம்பித் திரும்பிப் போய்விடுகிறான். அவ்வளவு கூர்மையானவனை எந்தப் பொறியால் பிடிப்பது? பல ஆண்டுகளுக்கு முன் கஸ்ஸின் உயிர் நண்பனைச் சுட்ட, அந்தப் போதைமருந்துக் கும்பலைச் சேர்ந்த ஹெக்டர், பேச்சும் அசைவும் போய் முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் கிடக்கிறான். ஹெக்டரைக் கொல்ல ஆள் அனுப்பினாலே போதும். ஆனால் அந்தக் கண்களைத் தானே பார்த்துக்கொண்டு கொல்ல வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக, ஒரு காரையே சந்தேகித்து விலகியவன், குண்டு கட்டியிருந்த அந்த நாற்காலிக்கு எதிரே தானாகவே போய் உட்காருகிறான்.