முதல் சானட் எழுதுகிறவருக்கு: கடைசி இரண்டு வரியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். படைப்பிலக்கிய வகுப்பில் சானட் வடிவத்தில் தமிழில் ஒரு கவிதை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். 14 வரி, ரைம் எல்லாம் புரிகிறது. நடுவில் ‘டர்ன்’ வர வேண்டும் என்கிறார்களே, அது என்ன? எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

பதில்:

நீங்கள் அநேகமாக அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பீர்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். கருவில் சுமந்தாய், கண்விழித்தாய், பசித்திருந்தாய் என்று 14 வரியும் ஒரே திசையில் ஓடும். அம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் முதல் வரியைப் படித்ததுமே கடைசி வரி தெரிந்துவிட்டால் அதில் டர்ன் இல்லை என்று அர்த்தம்.

டர்ன் என்றால் பேச்சு திரும்பும் இடம். ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்து, சரி, இப்படித்தான் போகப்போகிறது என்று கேட்பவர் நம்பும் நேரத்தில், அதை மறுத்தோ, அதற்கு விடை சொல்லியோ, வேறு பக்கத்திலிருந்து காட்டியோ திருப்புவது. 14-ஆம் நூற்றாண்டில் பெட்ரார்க் எழுதிய இத்தாலிய வகையில் எட்டு வரி ஒரு பாகம், ஆறு வரி இன்னொரு பாகம். திருப்பம் ஒன்பதாம் வரியில் வரும். ஷேக்ஸ்பியர் பெயரில் நாம் படிக்கும் ஆங்கில வகையில் நான்கு நான்காக மூன்று பத்தி, கடைசியில் இரண்டு வரி. அவருடைய 154 சானட்டுகள் 1609-இல் அச்சானவை. 18-ஆம் சானட்டில் ‘பட்’ என்று ஒன்பதாம் வரியிலேயே திரும்பிவிடுவார். 130-ஆம் சானட்டில் காதலியிடம் அது இல்லை, இது இல்லை என்று 12 வரி சொல்லிவிட்டு, 13-ஆம் வரியில்தான் ‘அண்ட் யெட்’ என்று திரும்புவார். இந்த இரண்டையும் ஒரு முறை பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திருப்பத்தை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று அப்போது தெரியும்.

முதல் வகுப்புக்கு ஆங்கில வகையே போதும். இத்தாலிய வகையில் முதல் எட்டு வரிக்கு இரண்டே ஓசைதான், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொல் தேட வேண்டும். ஆங்கில வகையில் ஏ-பி-ஏ-பி, சி-டி-சி-டி, இ-எஃப்-இ-எஃப், ஜி-ஜி. மொத்தம் ஏழு ஜோடி. முதல் 12 வரியில் ஓசை ஒரு வரி விட்டு ஒரு வரி வருவதால் காது காத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் அடுத்தடுத்த வரியில் ஒரே ஓசை விழும்போது கதவு சாத்திய மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த அமைப்பே.

இனி என் கதை. எங்களுக்குக் கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, கூழ் ஆலைக்குப் போகிற காய். எங்கள் வீட்டில் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுவோம். பூ விட்ட மரத்தைக் குத்தகைக்காரர் பார்த்து ஒரு விலை பேசி முன்பணம் தருவார். அதன் பிறகு காய் அவருடையது, காவலும் அவருடையது. கல்லூரியில் இதே பயிற்சியைக் கொடுத்தபோது நான் எழுத எடுத்தது இதைத்தான்.

முதலில் கவிதை எழுதவில்லை. ‘ஆனாலும்’ என்ற சொல் நடுவில் வரும்படி ஒரு வாக்கியம் எழுதினேன். “தோப்பைக் குத்தகைக்கு விட்டாயிற்று, ஆனாலும் அப்பா தோப்பை விடவில்லை.” உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பொருள் வேறு வடிவத்துக்கு நன்றாக இருக்கலாம், சானட்டுக்கு ஆகாது. அந்த வாக்கியத்தில் ‘ஆனாலும்’ வரைக்கும் உள்ளது முதல் எட்டு வரி. மீதி உள்ளது பின் ஆறு வரி.

அடுத்து கடைசி இரண்டு வரியை எழுதினேன். முதல் வரியிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போனால் 12 வரியில் மூச்சு தீர்ந்துவிடும், கடைசி இரண்டு வரியில் ஏதாவது ஒரு நீதிமொழியை ஒட்டிவைக்கத் தோன்றும். அப்பா தோப்பிலிருந்து வரும்போது வேட்டி மடிப்பில் ஒரு பழத்தை மறைத்துக்கொண்டு வருவார், கேட்டால் பதில் சொல்ல மாட்டார். அது என் கண்ணால் பார்த்தது. அதையே இரண்டு வரியாக்கி, கேள்வியாக முடித்தேன். பிறகு மீதி ஆறு ஜோடிச் சொற்களைத் தாளின் வலது ஓரத்தில் எழுதிக்கொண்டு, வரிகளை அவற்றை நோக்கி எழுதினேன்.

ரைம் விஷயத்தில் தமிழில் ஒரு பொறி இருக்கிறது. நம் வினைச்சொற்கள் தாமாகவே ஒரே மாதிரி முடியும். வந்தார், பார்த்தார், சிரித்தார் என்று வரி முழுக்க ‘ார்’ போட்டுவிட்டு ரைம் வந்துவிட்டது என்று நினைக்கலாம். காதுக்கு அது ரைமாகக் கேட்காது, இலக்கணமாகத்தான் கேட்கும். இதைப் பார்க்க எளிய வழி, விகுதியைக் கையால் மறையுங்கள். வந்தார், பார்த்தார் இரண்டிலும் ‘ார்’ போனால் மிச்சம் ஒன்றோடொன்று ஒட்டாது. நடப்பார், கடப்பார் இரண்டிலும் மறைத்தாலும் ‘டப்’ நிற்கும். அதாவது கடைசிச் சொல்லில் இயைபு மட்டும் போதாது, அந்தச் சொற்களுக்குள் எதுகையும் இருக்க வேண்டும். அப்புறம், ஏழு ஜோடியும் வினையாக இருக்க வேண்டாம். விலை, இலை போன்ற பெயர்ச்சொல் ஜோடிகளை நடுவில் கலந்துவிடுங்கள்.

வரி அளவுக்கு நான் எடுத்துக்கொண்டது ஐந்து சீர், நெடிலடி. ஆங்கிலத்தில் வரிக்கு ஐந்து அழுத்தம் என்பதால் அந்த நீளம் சரியாக உட்கார்ந்தது. அவர்களுடைய அழுத்தக் கணக்கு தமிழுக்கு வராது, வர வேண்டியதும் இல்லை. தளை பார்க்கவில்லை. யாப்பு தெரிந்த பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது வெண்பா என்று நான் எங்கும் சொல்லவில்லை.

கவிதை இதுதான்:

தை பிறந்ததும் தோப்பெல்லாம் மஞ்சளாய்ப் பூத்தது
கிளையெல்லாம் தேனீயின் இரைச்சல், வாசலெல்லாம் வாசம்
அப்பாவின் கைதான் அத்தனை மரத்தையும் காத்தது
அவரோடு மரங்களுக்கும் ஏதோவொரு பழைய நேசம்

பூவிலேயே வந்து குத்தகைக்காரர் சொன்னார் விலை
முன்பணத்தில் கட்டினோம் கூட்டுறவுக் கடனும் வட்டியும்
எங்கள் தோப்பிலே எங்களுக்கு இல்லை ஓரிலை
காவலுக்கு வந்தன குடிசை, கட்டில், நாய்க்குட்டியும்

ஆனாலும் விடிந்தால் அப்பா அங்கேதான் நடப்பார்
சாய்ந்த கிளைக்கு முட்டுக்கொடுப்பார் தன் தோளில்
சொந்த வேலியை வேற்றாள்போலத் தயங்கிக் கடப்பார்
லாரியேறிக் காயெல்லாம் போகின்ற ஆனி நாளில்

வேட்டி மடிப்பில் ஒற்றைப்பழம் ஒளிந்து வரும்;
விற்றவரே திருடினால் ஊரென்ன பெயர் தரும்?

பெரிய கவிதை என்று சொல்லவில்லை. ‘வாசலெல்லாம் வாசம்’ ரைமுக்காக வந்தது என்பது யாருக்கும் தெரியும். ஆனால் எலும்புக்கூடு சரியாக நிற்கிறது. முதல் நான்கு வரி சொந்தம், அடுத்த நான்கு வரி சொந்தம் கைமாறுவது. ஒன்பதாம் வரியில் ‘ஆனாலும்’ என்று திரும்புகிறது. கடைசி இரண்டு வரியில் இன்னொரு சின்னத் திருப்பம் இருக்கிறது: சொந்தக்காரரே திருடர் ஆகிறார். 11-ஆம் வரியில் முதலில் ‘திருடனைப்போல்’ என்றுதான் இருந்தது. அங்கேயே சொல்லிவிட்டால் கடைசி வரிக்கு வேலை இல்லை என்பதால் ‘வேற்றாள்போல’ என்று மாற்றினேன். உங்கள் வரைவிலும் இதைப் பாருங்கள். கடைசி வரியின் முக்கியமான சொல் முந்தைய 12 வரியில் எங்காவது நுழைந்திருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

‘ஆனாலும்’ என்ற சொல்லே கட்டாயமா என்று கேட்பீர்கள். இல்லை. காலத்தை மாற்றினாலும் திரும்பும், பேசும் ஆளை மாற்றினாலும் திரும்பும். என் கவிதையில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும், எட்டு வரி இறந்த காலத்தில் போய்விட்டு ‘நடப்பார், கடப்பார்’ என்று தினசரிப் பழக்கத்துக்கு மாறுவதே காட்டிக்கொடுத்துவிடும். மறுபக்கம், சொல்லை மட்டும் போட்டுவிட்டு அதே புலம்பலைத் தொடர்ந்தால் திருப்பம் வராது. நண்பர் ஒருவரிடம் முதல் எட்டு வரியை மட்டும் படித்துக்காட்டி, அடுத்து என்ன வரும் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

வகுப்பில் படித்தபோது எங்கள் தமிழ் ஐயா எட்டாவது வரியோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, “இப்ப மேல படிப்பா” என்றார். படித்து முடித்ததும் கல்லூரி மலருக்குக் கொடு என்று அவரே சொன்னார். அங்கேதான் என் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மலர் கைக்கு வந்தது, பக்கத்தைத் திருப்பினால் கவிதை ‘ஆனி நாளில்’ என்று அந்தரத்தில் நிற்கிறது. கீழே கால் பக்கத்துக்கு ஒரு வீட்டுமனை விளம்பரம். கடைசி இரண்டு வரியைக் காணோம். மலர்க் குழுவில் கேட்டால், “இடம் பத்தலப்பா, ரெண்டே வரிதானே” என்கிறார்கள். அந்த ரெண்டே வரிக்காகத்தான் மேலே உள்ள 12-உம் எழுதப்பட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆனி நாளில் என்ன ஆச்சு என்று ஊரில் பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். விளம்பரத்தில் மனை விலை, சாலை அகலம், தொலைபேசி எண் எதுவும் குறையவில்லை. கல்லூரி மலர் என்றால் மாணவர் எழுத்துக்கா, மனை விற்கவா? விளம்பரம் இல்லாமல் மலர் வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் வெட்டுகிறவர் ஒரு தரம் படித்துவிட்டு வெட்டலாம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். தாளில் எழுதிக் கொடுக்கும்போது எட்டாம் வரிக்குப் பிறகும் 12-ஆம் வரிக்குப் பிறகும் ஒரு வரி இடம் விடுங்கள், அமைப்பு கண்ணுக்குத் தெரியட்டும். 14 வரியும் ஒரே பக்கத்தில் வரும்படி எழுதுங்கள். கடைசி இரண்டு மறுபக்கம் போனால் திருத்துகிறவர் திருப்பிப் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.