பூட்டிய வீட்டுக்காரர்களும் வாட்ச்மேன் செலவும்

“மாயவரத்தில் 20 வீட்டு அடுக்ககம். கேமராவும் இரவுக்கு இன்னொரு வாட்ச்மேனும் வேண்டும் என்றால், வெளிநாட்டில் இருக்கும் ஓனர்கள் காசு தர மறுக்கிறார்கள். எப்படிக் கேட்பது?”

சார், இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்லாதீர்கள், அங்கேதான் சந்தேகம் வரும். கேமரா ஒருமுறைச் செலவு. 80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு 4,000. அதை ஓனர்தான் தர வேண்டும், வாடகைக்காரர் தலையில் கட்டக் கூடாது. வாட்ச்மேன் மாதச் செலவு. ஏஜென்சி 18,000 கேட்டால் 18% ஜிஎஸ்டி சேர்ந்து 21,240 ஆகும், வீட்டுக்கு 1,062. வார விடுப்பில் மாற்று ஆள் வருவாரா என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் வாரத்தில் ஓர் இரவு கேட் காலியாகவே கிடக்கும்.

சமமாகப் பிரிப்பதா, சதுர அடிக்கா என்பதைச் சங்க விதியைப் பார்த்து முதலிலேயே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். பூட்டிய வீட்டுக்குத்தான் காவல் அதிகம் தேவை என்பதை வெளிநாட்டு ஓனர்களிடம் நேராகவே சொல்லலாம். மூன்று கொட்டேஷன் வாங்கி, மூன்றையும் குரூப்பில் போட்டுவிடுங்கள், மாதாமாதம் பில்லையும்.

அப்புறம், ரெக்கார்டருக்கு ஒரு யூபிஎஸ் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் பதிவும் நின்றுவிடும். பலர் கொட்டேஷனில் அதைச் சேர்ப்பதே இல்லை.