கல்லுக்குப் பின்னால் ஒளியும் புற்று: பித்தப்பை கேள்வி-பதில்

பதினைந்து வருடமாகப் பித்தப்பையில் கல் இருக்கிறது. வலியே இல்லை. புற்றுநோயாக மாறுமா?

பெரும்பாலானோருக்கு மாறாது. பித்தப்பைப் புற்று வந்தவர்களில் பெரும்பாலோரிடம் கல் இருக்கும். ஆனால் கல் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. கல்லின் அளவைப் பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் போனால் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அம்மாவுக்கு 62 வயது. ஸ்கேனில் 32 மி.மீ. கல், ‘சுவரில் சுண்ணாம்புப் படிவு’ என்று வந்திருக்கிறது. தொந்தரவு எதுவும் இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?

உடல்நிலை இடம் கொடுத்தால் எடுத்துவிடுவதே என் யோசனை. கல்லின் அளவே அதற்குப் போதுமான காரணம்.

படிவு எப்படி இருக்கிறது என்பதைச் சி.டி. ஸ்கேன் காட்டும். சுவர் முழுக்க ஓடுபோல் இறுகியிருந்தால் உட்சவ்வு பெரும்பாலும் அழிந்திருக்கும். புற்று முளைக்க இடம் குறைவு. திட்டுத்திட்டாக இருந்தால் நடுவே உயிருள்ள சவ்வு மிஞ்சியிருக்கிறது, அங்கேதான் கவலை. சுண்ணாம்பு படிந்தாலே நாலில் ஒருவருக்குப் புற்று என்று முன்பு பயந்தார்கள். பிற்கால ஆய்வுகளில் அந்த அளவு மிகவும் குறைந்துவிட்டது.

சி.டி.யில் சுவரின் ஓரிடம் மட்டும் தடித்தோ கட்டியாகவோ தெரிந்தால், சாதாரண லேப்ராஸ்கோப்பிக்கு அவசரப்பட வேண்டாம். பை கிழிந்து பித்தம் சிந்தினால் புற்றணுக்கள் வயிற்றுக்குள் பரவும். புற்று அறுவையில் பழகியவரிடம் போங்கள்.

வருடாவருடம் ஸ்கேன் எடுத்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாமே?

எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அல்ட்ராசவுண்டின் ஒலி கல்லைத் தாண்டிப் போகாது. கல்லுக்குப் பின்னால் கருநிழல் விழும். அந்த நிழலில் சுவர் தெரியாது. முன்சுவரில் சுண்ணாம்பு இருந்தால் உள்ளே எதுவுமே தெரியாது. தடிப்பு தெரிந்தாலும், நாள்பட்ட அழற்சியும் அதே தடிப்பைத் தரும்.

இன்னொன்று, பித்தப்பைச் சுவர் மெல்லியது, வழக்கமாக 3 மி.மீ.க்குள்தான். குடலில் சவ்வுக்கும் தசைக்கும் நடுவே ஓர் அடுக்கு இருக்கிறது. இங்கே அந்தத் தடை கிடையாது. தசையைத் தாண்டிய புற்றுக்குக் கல்லீரல் பக்கத்திலேயே இருக்கிறது. அறிகுறியோ அதே பழைய வலது மேல்வயிற்று வலி. மஞ்சள் காமாலை வருவது பித்தநாளம் அடைபட்ட பிறகுதான். சி.ஏ. 19-9 ரத்தப் பரிசோதனையும் உதவாது. வெறும் அடைப்புக்கே அது ஏறும்.

கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்தோம். பயாப்ஸியில் ‘pT1b’ என்று வந்திருக்கிறது. பைதான் வெளியே வந்துவிட்டதே?

போதாது. T1a என்றால் புற்று உட்சவ்வோடு நின்றுவிட்டது. வெட்டிய விளிம்பில் புற்று இல்லாவிட்டால் அந்த ஆபரேஷனே போதும். T1b என்றால் தசைக்குள் இறங்கிவிட்டது. பரவல் இல்லை என்று ஸ்கேனில் உறுதிசெய்து, பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். ஆபரேஷனில் பை கிழிந்ததா, பித்தப்பைக் குழாயின் வெட்டுமுனையில் புற்று இருந்ததா என்று கேளுங்கள். அடுத்த திட்டம் அதைப் பொறுத்தது.

ஆரம்ப நிலைப் புற்று பெரும்பாலும் இப்படி, கல்லுக்காக எடுத்த பையில்தான் தற்செயலாக அகப்படுகிறது. கல்லைப் பாட்டிலில் போட்டு வீட்டாரிடம் கொடுப்பார்கள். பை ஃபார்மலினில் லேபுக்குப் போனதா என்றுதான் கேட்க வேண்டும்.