மேசைவிரிப்பு அளவு குறைகிறதாம்

"மருதமுனைக் கைத்தறி மேசைவிரிப்பு, 200 செ.மீ. என்று போட்டேன். வாங்கினவர் 195தான் என்கிறார்."

தறியில் இருக்கும்போதோ இறக்கிய கையோடோ அளந்திருப்பீர்கள். நூல் இழுவிசையில் நீண்டிருக்கும், கழற்றினால் சுருங்கும். ஓர் இரவு மடிக்காமல் விரித்து வையுங்கள், அப்புறம் இழுக்காமல், கையால் தடவி மட்டும் சமப்படுத்தி, நடுவிலும் இரண்டு ஓரத்திலும் அளந்து, மூன்றில் சிறியதைப் போடுங்கள். தையல்கார நாடா பழசானால் நீளும் (நீண்ட நாடா துணியைக் குறைத்துத்தான் காட்டும்), இரும்பு டேப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவர் துவைத்துவிட்டு அளந்தாரா என்றும் கேளுங்கள். பருத்தி முதல் துவைப்பில் இன்னும் சுருங்கும். அதே பாவில் ஒன்றைத் துவைத்துக் காயவைத்து அளந்து, 200 என்பது 195 ஆனால், "துவைக்க முன் 200, துவைத்தபின் 195" என்று இரண்டையும் எழுதுங்கள்.