ராக்கெட்டுக்கு ஏன் இத்தனை அடுக்கு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரே அடுக்கில் சுற்றுப்பாதைக்குப் போக முடியாதா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ரஷ்ய ராக்கெட் அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடு இதுதான்:

```
Δv = ve × ln(m0 / m1)
```

ராக்கெட் பெறும் மொத்த வேகம் Δv, இயல் மடக்கை ln, கிளம்பும்போது உள்ள எடை m0, எரிபொருள் தீர்ந்தபின் உள்ள எடை m1, வாயு பீய்ச்சப்படும் வேகம் ve. தாழ்வான சுற்றுப்பாதையில் நிலைக்க வினாடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும். போகும் வழியில் புவியீர்ப்பும் காற்றும் பறித்துக்கொள்வதையும் சேர்த்து 9.4 என்று வைப்போம். மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் எஞ்சினுக்கு ve சுமார் 3.3. அப்படியானால் எடை விகிதம் 17.3 வரும். 100 டன் ராக்கெட்டில் 94.2 டன் எரிந்துபோய், 5.8 டன்தான் மிஞ்சும். தொட்டி, எஞ்சின், குழாய் எல்லாம் சேர்ந்த கூட்டின் எடை, நிரப்பிய அடுக்கின் எடையில் 7% என்றால் அதுவே 7.1 டன். செயற்கைக்கோளை ஏற்றும் முன்பே கணக்கு இடித்துவிடுகிறது.

தொட்டியை இன்னும் பெரிதாக்கினால்?

பயனில்லை. சமன்பாட்டில் இருப்பது விகிதம்தான், அளவு இல்லை. 1,000 டன் ராக்கெட்டுக்கும் அதே 17.3 வேண்டும், கூடும் அதற்கேற்பக் கனக்கும்.

இரண்டாகப் பிரித்தால் என்ன மாறுகிறது?

அதே 100 டன், அதே எஞ்சின், அதே 7% கூடு. வேகத்தை மட்டும் ஆளுக்குப் பாதியாக, 4.7 வீதம் பங்கிடுவோம். முதல் அடுக்கு 75.9 டன்னை எரித்ததும் தன் 5.7 டன் வெற்றுக் கூட்டோடு கழன்றுவிடும். மீதி 18.35 டன். இரண்டாம் அடுக்கு 13.9 டன்னை எரித்தபின், அதன் ஒரு டன் கூட்டையும் கழித்தால் 3.4 டன் செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும். காலித் தொட்டியைச் சுமந்துகொண்டு வேகமெடுக்காததால் வந்த லாபம் இது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வடிவமைப்பில் முதல் அடுக்கின் கூடு 100 கிலோ கூடிப்போனால், இந்த ராக்கெட்டில் சுமை சுமார் 15 கிலோதான் குறையும். அதே 100 கிலோ இரண்டாம் அடுக்கில் கூடினால் முழு 100 கிலோவும் போச்சு. எடைக் குறைப்புக்குச் செலவழிக்கும் பணம் மேலடுக்குக்குப் போவது இதனால்தான்.

அப்படியானால் பத்து அடுக்கு வைக்கலாமே?

மூன்றாக்கினால் 4 டன். எண்ணற்ற அடுக்குகள் வைத்தாலும், இதே கூட்டு விகிதத்தில் 4.7 டன்னைத் தாண்டாது. ஒவ்வொரு அடுக்கும் கூடுதலாக ஒரு எஞ்சின், ஒரு பிரிப்புப் பொறி, ஒரு பற்றவைப்பு.

பிரிப்பு லேசுப்பட்டதல்ல. 2008 ஆகஸ்டில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட்டின் மூன்றாம் பயணத்தில், அணைத்தபின்னும் எஞ்சினில் எஞ்சிய சிறு உந்துவிசை, கழன்ற முதல் அடுக்கை முன்தள்ளி இரண்டாம் அடுக்கின் மேல் மோதவைத்தது. எஞ்சினை அணைப்பதற்கும் பிரிப்பதற்கும் இடையிலான நேரத்தைக் கூட்டினார்கள். செப்டம்பரில் அடுத்த ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது.