செப்சிஸ் கட்டுரையில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு மாணவி. செப்சிஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மென்பொருளில் ஒப்புமை 34 சதவீதம் என்று வந்தது. சொற்களை மாற்றி எழுதினால் மருத்துவப் பொருளே மாறிவிடுகிறது, மாற்றாவிட்டால் காப்பி என்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: ‘செப்டிக் ஷாக்’, ‘சீரம் லாக்டேட்’, ‘வாசோபிரஸர்’ போன்ற கலைச்சொற்கள் யாருக்கும் தனியுரிமை ஆனவை அல்ல. ஆயிரம் பேர் எழுதியிருந்தாலும் நீங்களும் அவற்றை அப்படியே எழுதலாம், எழுதத்தான் வேண்டும். மூல ஆசிரியருக்கு உரியவை அவர் செய்திகளை அடுக்கிய வரிசையும், வாக்கியத்தைக் கட்டிய விதமும், அவர் கண்டறிந்த முடிவும் ஆகும். வரிசையும் வாக்கியமும் உங்களுடையவையாக இருக்க வேண்டும், முடிவுக்கு மேற்கோள் எண் தர வேண்டும், கலைச்சொல்லில் கை வைக்கக் கூடாது. பெரும்பாலான மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுகிறார்கள்.

நானும் முதுநிலைப் படிப்பில் அதைத்தான் செய்தேன். ஆய்வேட்டின் முன்னாய்வுப் பகுதியில் ஒரு பத்தியை மூன்று இரவுகள் உட்கார்ந்து சொல் சொல்லாக மாற்றி எழுதியிருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியை மூலக் கட்டுரையையும் என் பக்கத்தையும் மேசையில் அருகருகே வைத்து, பென்சிலால் அதன் வாக்கியங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டார். பிறகு என் வாக்கியங்களுக்கும் எண் போட்டார். ஏழு வாக்கியமும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தன. “சொல் எல்லாம் உன்னுடையதுதான்மா, ஆனால் இந்தப் பத்தி உன்னுடையது இல்லை” என்றார். அந்தப் பென்சில் எண்களை விடச் சிறந்த சோதனையை இன்றுவரை நான் அறியவில்லை. இப்போது என்னிடம் வரும் மாணவர் கட்டுரைகளுக்கும் அதையே செய்கிறேன்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். கட்டுரையை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியிருப்பீர்கள் என்றாலும் இங்கே தமிழிலேயே காட்டுகிறேன், முறை ஒன்றுதான். செப்சிஸுக்கு இப்போது நடைமுறையில் உள்ள வரையறை 2016இல் ஜாமா இதழில் வெளியானது. செப்டிக் ஷாக் நோயாளியை எப்படி அடையாளம் காண்பது என்று அது சொல்வதன் சாரம் இது: உடலில் திரவக் குறைவு இல்லாத நிலையிலும், சராசரி தமனி அழுத்தத்தை 65 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் நிறுத்த வாசோபிரஸர் தேவைப்பட வேண்டும், அத்துடன் சீரம் லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்திருப்பதற்கும் 40 சதவீதத்தைத் தாண்டும் மருத்துவமனை இறப்பு விகிதத்துக்கும் தொடர்பு காணப்படுகிறது.

இதைச் சொல் மாற்றி எழுதும்போது என்ன நேர்கிறது என்று பாருங்கள். பல மாணவர் கட்டுரைகளில் கண்ட பிழைகளைச் சேர்த்து நானே எழுதிய வாக்கியம் இது: “தீவிர செப்சிஸில், இரத்த அழுத்தத்தை 65க்கு மேல் வைக்க மருந்து தேவைப்படும் அல்லது லாக்டேட் 2 அல்லது அதற்கு மேல் உயரும், இதனால் 40 சதவீத நோயாளிகள் இறக்கிறார்கள்.”

எண் போட்டுப் பார்த்தால் செய்திகளின் வரிசை மூலத்தில் உள்ளதுதான், எனவே திருட்டுக் குற்றச்சாட்டிலிருந்து இந்த வாக்கியம் தப்பவில்லை. மருத்துவமோ ஏறக்குறைய எல்லா இடத்திலும் கெட்டுவிட்டது. ‘தீவிர செப்சிஸ்’ என்பது அழகுக்காகச் சேர்த்த அடைமொழி போலத் தோன்றும், ஆனால் அது பழைய வரையறைகளில் தனி வகைப்பாடாக இருந்தது; 2016 வரையறை அதைத் தேவையற்றது என்று கைவிட்டது. ‘சராசரி தமனி அழுத்தம்’ வெறும் ‘இரத்த அழுத்தம்’ ஆனதும் நோயாளியே மாறிவிடுகிறார். மேல் அளவு 92, கீழ் அளவு 50 உள்ள ஒருவருக்குச் சராசரி தமனி அழுத்தம் ஏறத்தாழ 64தான் வரும். ஆனால் ‘இரத்த அழுத்தம் 65’ என்று படிப்பவர் மேல் அளவே 65 என்று எண்ணுவார், அது இதைவிடப் பல மடங்கு மோசமான நிலை. ‘அத்துடன்’ என்பது ‘அல்லது’ ஆனதால் இரண்டு நிபந்தனைகளில் ஒன்று போதும் என்றாகிவிட்டது. திரவக் குறைவு பற்றிய நிபந்தனை காணாமலே போய்விட்டது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றி, திரவம் ஏற்றினால் சரியாகக் கூடியவரும் இந்த வாக்கியத்தின்படி செப்டிக் ஷாக் நோயாளி ஆகிவிடுவார்.

‘2க்கு மேல்’ என்பதும் ‘2 அல்லது அதற்கு மேல்’ என்பதும் ஒன்றல்ல. இதே வரையறையில் செப்சிஸை அடையாளம் காண, உறுப்புகளின் செயற்கோளாற்றை அளக்கும் சோஃபா மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் உயர வேண்டும், லாக்டேட்டோ 2ஐத் தாண்ட வேண்டும். ஒரே எண் இரண்டு விதமாக வருவதால் இந்த இடத்தில் தடுமாறாத மாணவர் குறைவு. கடைசியாக, ‘இதனால் இறக்கிறார்கள்’ என்ற தொடர். மூலம் சொன்னது தொடர்பு, காரணம் அன்று. அதுவும் மருத்துவமனையில் நிகழும் இறப்பு, 40க்கு மேல். ஆய்வு செய்தவர் அளந்து வைத்த உறுதியின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமை இல்லை.

இனி, நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறையைச் சொல்கிறேன். மூலத்தைத் திறக்கும் முன்பே, அதிலிருந்து உங்கள் கட்டுரைக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு கேள்வியாக எழுதி வையுங்கள். ‘செப்டிக் ஷாக் பற்றி எழுத வேண்டும்’ என்று அமர்ந்தால் மூலத்தின் வரிசைதான் கையில் வரும். ‘இரத்த அழுத்தம் குறைந்தால் மட்டும் ஏன் போதாது, லாக்டேட் எதற்கு?’ என்று கேட்டுக்கொண்டு படித்தால் விடையின் வரிசை அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கும். பிறகு ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் மாறக் கூடாதவை: கலைச்சொல், எண், அதன் அலகு, ‘மேல்’ அல்லது ‘அதற்குச் சமம்’ என்ற குறி, ‘அத்துடன்’ போன்ற இணைப்பு, யாரிடம் எந்தச் சூழலில் என்ற நிபந்தனை, ‘தொடர்பு’ அல்லது ‘காரணம்’ என்ற உறுதியின் அளவு. இவற்றை வாக்கியமாக எழுதாமல் துண்டுகளாக மட்டும் குறியுங்கள், ஏனெனில் முழு வாக்கியமாகக் குறித்தால் அதுவே பிறகு கட்டுரைக்குள் நுழைந்துவிடும். வலப்பக்கம் உங்கள் கேள்விக்கு அந்தத் துண்டு என்ன சொல்கிறது என்று சொந்தமாக எழுதுங்கள். அதன் பின் மூலத்தை மூடிவிட்டு, தாளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அப்படி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: “இரத்த அழுத்தம் குறைந்திருப்பதை மட்டும் கொண்டு செப்டிக் ஷாக் என்று முடிவுசெய்ய இயலாது. திரவக் குறைவு இல்லை என்பது உறுதியான பின், 2016 வரையறை இரண்டு சான்றுகளை ஒருங்கே எதிர்பார்க்கிறது (1). சீரம் லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டியிருப்பது, கோளாறு இரத்த ஓட்டத்தோடு நிற்காமல் செல்களின் வளர்சிதை மாற்றம் வரை சென்றிருப்பதைக் காட்டும் சான்று (1). சராசரி தமனி அழுத்தம் 65 மி.மீ. பாதரசத்துக்குக் குறையாமல் இருக்க வாசோபிரஸர் தேவைப்படுவது மற்றது (1). இரண்டும் சேர்ந்த நோயாளிகளிடம் மருத்துவமனை இறப்பு விகிதம் 40 சதவீதத்துக்கு மேல் காணப்பட்டது (1). லாக்டேட் பரிசோதனை வசதி இல்லாத மருத்துவமனைகளில், இரத்த அழுத்தக் குறைவோடு நுண்குழாய் மீள்நிரப்பு நேரம் நீள்வது போன்ற அறிகுறிகளைக் கொண்டு தற்காலிகமாக முடிவுசெய்ய வேண்டியிருக்கலாம் என்பதையும் வரையறை ஏற்கிறது (1).”

கலைச்சொற்களும் எண்களும் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் லாக்டேட் முன்னே வந்துவிட்டது, ஏன் என்ற விளக்கம் நடுவில் சேர்ந்துவிட்டது, ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் பணிபுரியப் போகிறவருக்கு வேண்டிய செய்தியும் வந்துவிட்டது. மேற்கோள் எண்ணைப் பத்தியின் கடைசியில் ஒரே ஒருமுறை போடாமல் ஒவ்வொரு கூற்றின் அருகிலும் போட்டிருப்பதைக் கவனியுங்கள். கடைசியில் மட்டும் போட்டால் முதல் வாக்கியம் யாருடையது என்று படிப்பவருக்குத் தெரியாது. சொந்தச் சொற்களில் எழுதினாலும் மேற்கோள் எண் கட்டாயம். ஆங்கில மூலத்தைத் தமிழாக்கி எழுதினாலும் அப்படியே.

எழுதியதை இரண்டு முறை, இரண்டு வேறு கண்களால் ஒப்பிடுங்கள். முதல்முறை பென்சில் எண் போட்டு வரிசை ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை தாளின் இடப்பக்கத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டும் தன் நிபந்தனையோடு வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்தால் எனக்கே ஏதாவது ஒன்று தவறிவிடுகிறது.

எப்படி எழுதினாலும் சிதையும் வாக்கியங்கள் சில உண்டு. செப்சிஸின் மைய வரையறை அத்தகையது. அதில் நோய்த்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையை ‘ஒழுங்குமுறை குலைந்த’ எதிர்வினை என்கிறார்கள். இதை ‘மிகையான’ எதிர்வினை என்று மாற்றி எழுதாதவர்களே இல்லை எனலாம், ஆனால் அழற்சியைத் தூண்டும் வினைகளும் அடக்கும் வினைகளும் தொடக்கத்திலேயே சேர்ந்து நிகழ்வதால்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள். அதுபோலவே, உறுப்பின் ‘செயற்கோளாறு’ என்பதை ‘செயலிழப்பு’ ஆக்கக் கூடாது. இப்படி ஒவ்வொரு சொல்லும் எடை பார்த்து வைக்கப்பட்டிருக்கும் வரையறையை மேற்கோள் குறிக்குள் முழுதாகத் தந்து எண் போடுங்கள். ஒரு கட்டுரையில் இப்படி ஒன்றிரண்டு வந்தால் குறையில்லை.

உங்கள் 34 சதவீதத்தைப் பொறுத்தவரை, எண்ணை விட்டுவிட்டு அறிக்கையின் வண்ணம் பூசிய வரிகளைப் படியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் ஆய்வேடுகளுக்கும் வெளியீடுகளுக்கும் உரியவை, வகுப்புக் கட்டுரைகளுக்கு நேரடியாகப் பொருந்தா; ஆனாலும் வழிகாட்டியாகக் கொள்ளலாம். அவை, மேற்கோள் காட்டி எடுத்தாண்ட பகுதிகளையும், உசாத்துணைப் பட்டியலையும், பொதுவான கலைச்சொற்களையும் ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்கின்றன. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்களையும், அவை 14 சொற்களுக்கு உட்பட்டிருந்தால், விலக்கச் சொல்கின்றன. விலக்கிய பின் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் அவற்றின்படி தண்டனை இல்லை. உங்கள் அறிக்கையில் இந்த விலக்குகள் செய்யப்பட்டனவா என்று துறையில் கேளுங்கள். அதற்குப் பிறகும் ‘சராசரி தமனி அழுத்தம் 65 மி.மீ. பாதரசம்’ என்பது போன்ற துண்டுகள் மட்டும் வண்ணத்தில் நின்றால் அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். முழு வாக்கியங்கள் தொடர்ந்து வண்ணத்தில் நின்றால், அந்தப் பத்தியைத் திருத்தி நேரத்தை வீணாக்காமல், அழித்துவிட்டு உங்கள் கேள்வியிலிருந்து மீண்டும் எழுதுங்கள்.