385 பேர் போதுமா?

கேள்வி: மன்னார்குடி சுற்றுவட்டாரக் கிராமங்களில், நடவு வேலை செய்பவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு எலிக்காய்ச்சல் தொற்று உள்ளது என்று ஐ.ஜி.எம். எலைசா வைத்துப் பார்க்கப் போகிறோம். 10% இருக்கலாம், 3% கூடக்குறைய இருந்தால் போதும் என்று 385 பேர் கணக்கு வந்தது. சோதனை முழுத் துல்லியம் இல்லையே, இது சரியா?

போதாது. 385 என்பது சோதனை தவறே செய்யாது என்று வைத்துக்கொண்ட கணக்கு. தொற்றுள்ளவர்களில் 85% பேரைச் சோதனை பிடிக்கிறது (உணர்திறன்), தொற்றில்லாதவர்களில் 95% பேரைச் சரியாக விடுவிக்கிறது (தனித்தன்மை) என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். நூறு பேரில் தொற்றுள்ள 10 பேரிடமிருந்து 8.5 பாசிட்டிவும், தொற்றில்லாத 90 பேரிடமிருந்து 4.5 பொய்யான பாசிட்டிவும் வரும். ஆக நீங்கள் காண்பது 13%, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொய். இதைத் திருத்தி உண்மை விகிதத்தை மீட்கும் சூத்திரமும், அதற்கான மாதிரி அளவும் இவை:

```
P = (p + Sp - 1) / (Se + Sp - 1)
n = 1.96² × p(1-p) / (d² × (Se + Sp - 1)²)
```

P உண்மை விகிதம், p சோதனையில் காணும் விகிதம், Se உணர்திறன், Sp தனித்தன்மை, d ஏற்கும் கூடக்குறைவு, n மாதிரி அளவு. இங்கே p = 0.13, d = 0.03, கீழே உள்ள அடைப்பு Se + Sp - 1 = 0.80; எனவே n = 755. கிராமம் கிராமமாக எடுத்தால், ஒரே கிராமத்தார் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் கொத்து விளைவுக்காக அந்த எண்ணை மேலும் பெருக்க வேண்டும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த 95% எங்கிருந்து வந்தது? தொற்றில்லாத 100 பேரிடம் மட்டும் சோதித்துப் பெற்ற எண் என்றால், அதன் ஐயப்பாடு மட்டுமே உங்கள் விடையில் ஏறத்தாழ 4.8% கூடக்குறைவை உண்டாக்கிவிடும். அதன்பின் பத்தாயிரம் பேரின் இரத்தம் எடுத்தாலும் 3%-ஐ எட்ட முடியாது. தொற்றில்லாதவர் 600 பேரிடமும் தொற்றுள்ளவர் 100 பேரிடமும் சோதனை மதிப்பிடப்பட்டிருந்தால், களத்தில் ஏறத்தாழ 1550 பேர் தேவைப்படுவர். தொற்று அரிதாக இருக்கும்போது உணர்திறனின் ஐயம் பெரிதாக உறுத்துவதில்லை. தனித்தன்மைதான் கணக்கைக் கவிழ்க்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதில் சறுக்கினேன். ஒரு கிராமத்தில் 50 பேரில் இருவருக்கே பாசிட்டிவ் வந்தது. திருத்திப் பார்த்தால் விகிதம் -1.25%! பொய்யான பாசிட்டிவ் மட்டுமே 5% வர வேண்டிய இடத்தில் 4% வந்ததால் நேர்ந்த அபத்தம் அது. இப்படி ஒரு கிராமத்தில் நேர்ந்தால் மாதிரி சிறியது என்று கொள்ளலாம். கிராமந்தோறும் நேர்ந்தால், நீங்கள் வைத்திருக்கும் தனித்தன்மை உங்கள் மக்களுக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட மோசமானது, ஏனெனில் அது கண்ணில் படாது. ஆண்டுதோறும் சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவர்களின் இரத்தத்தில் பழைய தொற்றின் ஐ.ஜி.எம். மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். இப்போதைய தொற்றுதான் உங்கள் கேள்வி என்றால், அவர்களிடம் தனித்தன்மை 90%-ஆகக் குறைந்திருக்க, பெட்டியில் அச்சிட்ட 95%-ஐ வைத்தே நீங்கள் திருத்தினால், உண்மையான 10% உங்கள் அறிக்கையில் 15.6% ஆகிவிடும். ஆகவே, எலிக்காய்ச்சல் இல்லை என்று வேறு வழியில் உறுதியான, இதே வட்டார நடவாட்களின் மாதிரிகளை முதலில் திரட்டி அந்த எண்ணைப் பெறுங்கள். கள எண்ணிக்கையை அதன் பிறகு முடிவு செய்யலாம்.